விரத நாள் கோப்பியும் கை நடுக்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவர்கள் பலர் மத்தியானம் வரை சாப்பிடமாட்டார்கள். ஆனால் கோப்பி குடிப்பார்கள். "கோப்பி சாப்பாடில்லைத்தானே" என்பது எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் பழகிப்போன நியாயம். விரதத்துக்கு அது பொருந்தலாம், உடம்புக்குப் பொருந்தாது.

சுன்னாகத்தில் தையல் வேலை செய்யும் ஒரு அக்காவை வைத்துக் கணக்குப் பார்ப்போம். காலை 6 மணிக்கு இரண்டு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் தூள் போட்டு ஒரு கோப்பி. 8 மணிக்கு ஒரு பிளேன்ரீ. 10 மணிக்குப் பசி கிள்ள, திரும்பவும் அதே அளவில் கோப்பி. 11 மணிக்கு ஊசியில் நூல் கோர்க்கப் போனால் நூல்முனை துளையைச் சுற்றி ஆடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. "கடைசியாகக் குடித்தது கடுமையாய்ப் போச்சுது" என்று அவர் நினைப்பார். முதல் தவறு அங்கேதான் இருக்கிறது.

இன்ஸ்டன்ட் தூள் ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழ 60 மில்லிகிராம் காஃபீன் உண்டு. ஆகவே ஒவ்வொரு கோப்பியும் 120, பிளேன்ரீ சுமார் 40. குடித்த காஃபீனில் பாதி வெளியேற அநேகமானோருக்கு 5 மணித்தியாலம் பிடிக்கும். அப்படியென்றால் 11 மணிக்கு 6 மணிக் கோப்பியில் 60 இன்னும் மிச்சம், பிளேன்ரீயில் 26, 10 மணிக் கோப்பியில் 100க்குச் சற்று மேல். எல்லாமாக 190 மில்லிகிராம் அளவில் ஒரே நேரத்தில் உடம்பில் நிற்கிறது. மூன்றாவது கப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, முதல் கப் இன்னும் போகவில்லை.

கை ஏன் ஆடுகிறது? களைப்பை மூளைக்குச் சொல்லும் அடினோசின் என்ற பொருள் போய் உட்காரும் இடத்தைக் காஃபீன் பிடித்துக்கொள்கிறது. களைப்பு தெரியாமல் போவதோடு அட்ரினலினும் கூடுகிறது. எல்லோருடைய கையிலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நடுக்கம் எப்போதும் இருக்கும். அட்ரினலின் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. பசித்திருக்கும்போது, இரத்தத்தில் சீனி குறையாமல் பார்த்துக்கொள்ளவும் உடம்பு அதே அட்ரினலினைத்தான் பயன்படுத்துகிறது. வெறும் வயிற்றில் காஃபீன் வேகமாக ஏறுவதும் சேர, நடுக்கம் நன்றாகவே தெரியும்.

பால் கூட விட்டால் கடுமை குறையும் என்பது இரண்டாவது தவறு. ருசிதான் மென்மையாகும், காஃபீன் அப்படியே இருக்கும். குறைக்க வேண்டியது தூள். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த வீட்டுக் கோப்பித்தூள் இதற்கு நல்லது, ஏனென்றால் ஒரு கரண்டியில் கோப்பியின் பங்கு குறைவு. 10 மணிக்குச் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் கோப்பி சேராத மல்லித்தண்ணியைப் பனங்கட்டியோடு குடிக்கலாம், அதில் காஃபீனே இல்லை. விரதம் இடம் கொடுத்தால் கோப்பிக்கு முன் ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம். காலையில் இரண்டு கரண்டிக்குப் பதில் ஒன்று போட்டு, 10 மணிக் கோப்பியை விட்டால், அந்த அக்காவுக்கு 11 மணிக்கு 60க்குக் கீழேதான் மிச்சம் இருக்கும்.

நடுக்கம் தொடங்கிய பிறகு தண்ணீரை மடமடவென்று குடித்தால் காஃபீன் கழுவுப்பட்டுப் போகாது. அதை உடைப்பது ஈரல், அது தன் வேகத்தில்தான் உடைக்கும். ஏதாவது சாப்பிட்டு, மெதுவாக நடந்து, நுணுக்கமான வேலையை ஒத்திப்போடுவதுதான் வழி. தலையிடிக்குக் குளிசை எடுப்பதென்றால் பெட்டியைப் படியுங்கள், சில குளிசைகளிலும் காஃபீன் இருக்கிறது.

இன்னொரு தவறு, பயந்துபோய் ஒரே நாளில் கோப்பியை நிறுத்துவது. தினமும் குடித்துப் பழகியவருக்கு மறுநாளே தலையிடி பிடிக்கும், சிலருக்கு ஒரு கிழமை இழுக்கும். சில நாளுக்கொருமுறை கால் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு போனால் அந்தத் தொல்லை பெரிதாக இராது.

முன்பு ஒத்துக்கொண்ட அதே கோப்பி திடீரென்று நடுக்கம் தந்தால் புதிதாக என்ன மாறியது என்று யோசியுங்கள். கருத்தடைக் குளிசையும் சிப்ரோஃப்ளோக்சசின் என்ற கிருமி மருந்தும் காஃபீன் வெளியேறுவதை மெதுவாக்கும். கர்ப்ப காலத்திலும் அப்படித்தான். சிகரெட்டை விட்டவருக்கும் பழைய அளவு கோப்பி கூடுதலாக வேலை செய்யும். இழுப்புக்குப் பாவிக்கும் சல்பியூட்டமோல் பம்ப் தானாகவே கையை நடுக்கும்.

எல்லா நடுக்கத்தையும் கோப்பியின் தலையில் போடுவதும் ஆபத்து. இரண்டு கையையும் நேரே நீட்டி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். தாளின் ஓரம் நுண்ணியதாகவும் விரைவாகவும் துடித்து, சில மணித்தியாலத்தில் அடங்கினால் அது கோப்பியின் வேலையாக இருக்கலாம். ஒரு கை மட்டும் ஆடினால், மடியில் சும்மா வைத்திருக்கும்போதும் ஆடினால், கோப்பி குடிக்காத நாளிலும் ஆடி உடம்பும் மெலிந்துகொண்டு வந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும், தைராய்டும் காரணமாக இருக்கலாம். சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர் விரத நாளில் வியர்த்து நடுங்கினால், கோப்பி என்று நினைத்துக் காத்திராமல் உடனே சீனியோ குளுக்கோசோ எடுத்து, சீனி அளவையும் பார்க்க வேண்டும். நெஞ்சு நோவோ மயக்கமோ சேர்ந்து வந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.