முட்டுச்சந்து குறைய ஒரு வரி

புதுச்சேரி ஒயிட் டவுன் தெருக்களை மனதில் வைத்து நண்பர் ஒருவர் புதிர்ப்பாதை கேம் செய்கிறார். பாதைகளை உருவாக்கும் பகுதியை ப்ரிம் அல்காரிதத்தில் எழுதியிருந்தார். நாலு அடி வைத்தால் முட்டுச்சந்து!

மூன்று பக்கம் சுவர் உள்ள கட்டங்களை எண்ணிப் பாருங்கள். ப்ரிமில் சுமார் 30 சதவீதம் வரும், 20x20 என்றால் 120 பக்கம். எங்கெங்கோ இருந்து கிளை விடுவதால் எல்லாம் குட்டையாக நின்றுவிடும். கடைசியாகத் தொட்ட கட்டத்திலிருந்தே தோண்டும் பேக்டிராக்கரில் சுமார் 10 சதவீதம்தான். ஆனால் பாதை நீண்டு வளையும், தப்பாகத் திரும்பினால் வெகுதூரம் நடந்து திரும்ப வேண்டும்.

இரண்டையும் கலக்க 'க்ரோயிங் ட்ரீ' அல்காரிதம் போதும். தொட்ட கட்டங்களின் பட்டியலான cells-இலிருந்து அடுத்த கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வரி மட்டும் இப்படி:

```python
n = len(cells)
i = n-1 if random.random() < 0.8 else random.randrange(n)
```

0.8-ஐக் கூட்டினால் நீளம், குறைத்தால் கிளை. இன்னும் தொடாத அண்டை கட்டம் எதுவும் மிச்சமில்லை என்றால் அந்தக் கட்டத்தைப் பட்டியலிலிருந்து நீக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் லூப் முடியவே முடியாது.

இதிலும் சுற்றி வர வழி இருக்காது. ஒயிட் டவுனிலோ எந்தத் தெருவில் நுழைந்தாலும் அடுத்த தெரு வழியாக வெளியே வந்துவிடலாம். அந்த உணர்வு வேண்டுமென்றால், கடைசியில் முட்டுச்சந்துகளில் பாதியை எடுத்து ஆளுக்கொரு சுவரை உடைத்துவிடுங்கள். வெளிச்சுவரை மட்டும் தொடாதீர்கள்.