தொண்டை வலியில் தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கும் குழந்தைக்கு

மே மாத வெயிலில் எங்கள் 2 வயது மகனுக்குத் தொண்டை வலி வந்தது. எடை 11 கிலோ. டம்ளரைப் பார்த்தாலே வாயை மூடிக்கொண்டான். பசி இல்லாமல் அல்ல, விழுங்கினால் வலிக்கிறது என்று பயந்துதான். அதனால் முதலில் வலியைக் குறைக்க வேண்டும்.

படி 1: குழந்தையின் எடைக்கு ஏற்ப டாக்டர் சொல்லியிருக்கும் அளவில் பாராசிட்டமால் சிரப் கொடுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் மருந்தின் செறிவு வேறாக இருக்கும். பழைய பாட்டிலின் அளவைப் புதியதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஆஸ்பிரின் கூடாது. அரை மணி நேரம் எதையும் ஊட்டாமல் விடுங்கள். மருந்து வேலை செய்யும் இந்த இடைவெளிக்குப் பிறகுதான் குழந்தை வாய் திறக்கும்.

படி 2: மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கி, அதில் போட்டிருக்கும் அளவுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுவதையும் கரையுங்கள். 1 லிட்டர் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் எடுத்து டம்ளரில் கலக்கினால் உப்பின் அளவு தவறிவிடும். கரைத்ததை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

படி 3: குழந்தையை நிமிர்த்தி மடியில் உட்கார வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி எடுத்து, கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் புரையேறும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 60 மில்லி உள்ளே போய்விடும். எங்கள் பையன் அன்று மாலை 4 மணியிலிருந்து 6 மணிக்குள் இப்படி 120 மில்லி குடித்தான். டம்ளரில் கொடுத்திருந்தால் ஒரு வாய்கூட இறங்கியிருக்காது.

படி 4: அப்புறம் குளிர்ச்சியானது. "சளி பிடிக்கும், ஐஸ் கொடுக்காதே" என்று பாட்டி தடுத்தார். ஆனால் தொண்டைப் புண்ணைக் குளிர்ச்சி சற்று மரத்துப்போகச் செய்கிறது. தொற்றை அது அதிகமாக்காது. ஓ.ஆர்.எஸ்.ஸை அச்சில் ஊற்றிக் குச்சி ஐஸாக்கி, குச்சியை நாமே பிடித்து நக்கவிடலாம். ஐஸ் கட்டியை அப்படியே வாயில் போட வேண்டாம், அடைத்துக்கொள்ளும். நுங்கைத் தோலுரித்து நன்றாக மசித்து இளநீரில் கலந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கும். புளிக்காத தயிரில் குழைய மசித்த சாதம், ஆறவைத்த கேழ்வரகுக் கஞ்சி இரண்டும் நல்லவை. மிளகு ரசம், தக்காளி, எலுமிச்சை, ஆரஞ்சு எரியும். ஓரிரு நாள் சோறு குறைந்தால் பரவாயில்லை, தண்ணீர் குறையக் கூடாது.

படி 5: சிறுநீர் போன நேரத்தைக் குறித்து வையுங்கள். 6 முதல் 8 மணி நேரமாகப் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் உடனே டாக்டரிடம் போங்கள். வாய்க்குள் கொப்புளம் தெரிந்தாலும் காட்டிவிடுங்கள்.

எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டால், மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் வந்தால், கழுத்தை அசைக்க மறுத்தால், வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையில் இரவிலும் அவசரப் பிரிவு உண்டு.