பதில் வராத புரூஃபும் 'வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது' என்ற கடிதமும்

எங்கள் அச்சக வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண், வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் என்னிடம் காட்டினார். "வியாழக்கிழமைக்குள் பதில் வராவிட்டால், ஒப்புதல் கிடைத்ததாகக் கருதி வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்புவோம்." எட்டு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இதே வாக்கியத்தை நான் எழுதினேன். அவர் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அச்சுக்கு முன் ஒப்புதலுக்காக அனுப்பும் மாதிரியான புரூஃபுக்குப் பதில் வராதபோது நாம் செய்யும் தவறுகள் நான்கு.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

நான் இழந்தது பத்தாயிரம் அட்டைப்பெட்டிகள். நூறு கிராம் மசாலாத் தூளுக்கானவை. மூன்றாவது புரூஃபை அனுப்பி ஒன்பது நாட்கள் ஆகியும் பதில் இல்லை. இயந்திரத்தில் எங்களுக்கு ஒதுக்கிய நாள் நெருங்கியது. மேற்சொன்ன வாக்கியத்தை எழுதினேன், வெள்ளிக்கிழமை அச்சடித்தேன்.

சனிக்கிழமை காலை உரிமையாளர் தொலைபேசியில் வந்தார். தயாரிப்புக்கூடத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் இடத்தைச் சார்ந்தது. இடம் மாறினால் பெட்டியில் அச்சிடும் 14 இலக்க எண்ணும் மாறும். புதிய எண் கைக்கு வராததால்தான் புரூஃபுக்குப் பதில் சொல்லாமல் இருந்திருக்கிறார். என் கடிதத்தை அவர் பார்க்கவே இல்லை. நான் அனுப்பியது கொள்முதல் பிரிவில் இருந்த இளைஞருக்கு. அவருக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் கிடையாது. பெட்டிகள் பழைய காகிதக் கடைக்குப் போயின, பணம் என் கையிலிருந்து போனது.

கடிதத்தைக் காட்டி வாதாடலாமா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 7-ஆம் பிரிவைக் காட்டினார்: ஏற்பு என்பது முழுமையாகவும், வழக்கமான முறையில் வெளிப்படுத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். 1862-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கையும் சொன்னார். "மறுமொழி வராவிட்டால் குதிரை என்னுடையது என்று கொள்வேன்" என்று, குதிரையை வாங்க விரும்பி, தன் சகோதரர் மகனுக்கு ஒருவர் எழுதினார். அந்த மகன் மனத்துக்குள் சம்மதித்திருந்தும், அதைத் தெரிவிக்காததால் குதிரை எழுதியவருடையது ஆகவில்லை. நம் வாக்கியமும் அந்தக் குதிரைக்காரரின் வாக்கியம்தான்.

அப்படியானால் தேதி குறித்துத் தொடங்குவதே கூடாதா? கூடும், இரண்டு நிபந்தனைகளோடு. "புரூஃப் அனுப்பி ஏழு நாட்களுக்குள் பதில் இல்லாவிட்டால் முன்தயாரிப்பு வேலைகள் தொடங்கும், அவற்றின் செலவு வாடிக்கையாளருடையது" என்ற வரி, அவர் கையெழுத்திட்ட விலைப்புள்ளியிலேயே இருக்க வேண்டும். பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் புதிதாகச் சொல்லும் நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது. அடுத்து, தொடங்கும் வேலை திருத்த முடிந்ததாக இருக்க வேண்டும். அட்டை வாங்கலாம், அட்டையைப் பெட்டி வடிவில் வெட்டும் கட்டிங் டை செய்யலாம். அச்சு மட்டும் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

அந்தப் பெண்ணும் நானும் சேர்ந்து இப்படி மாற்றி எழுதினோம்:

"அட்டைப்பெட்டி, பதிப்பு 3, 12-ஆம் தேதி அனுப்பியது. 19-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் உங்கள் பதில் வராவிட்டால், விலைப்புள்ளியின் 6-ஆம் வரியின்படி, 20-ஆம் தேதி அட்டை வாங்கி, டை செய்யத் தொடங்குவோம். செலவு ரூ. 14,000. அதன்பின் பெட்டியின் அளவை மாற்றினால் இந்தத் தொகை உங்கள் கணக்கில் சேரும். எழுத்து, எண், நிறம் ஆகியவற்றை அப்போதும் மாற்றலாம். உங்கள் கையெழுத்து இல்லாமல் அச்சு தொடங்காது. 27-ஆம் தேதிக்குள் அது வராவிட்டால், உங்களுக்கு ஒதுக்கிய இயந்திர நாளை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவோம். நிறுத்தி வைக்க வேண்டுமானால் 'நிறுத்துங்கள்' என்று ஒரு சொல் எழுதினால் போதும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காரணத்தைச் சொல்லத் தயங்கிப் பேசாமல் இருப்பவருக்கு அது எளிய வழி. எங்களுக்கு 18-ஆம் தேதியே பதில் வந்தது: நிறுத்துங்கள், முகவரி மாறுகிறது.

தவறான ஆளைத் துரத்துவது

விலைப்புள்ளியில் கையெழுத்திட்டவர் யாரோ, கடிதம் அவருக்குப் போக வேண்டும். அன்றாடம் பேசுபவருக்கு நகல் போதும். அனுப்பிய பிறகு தொலைபேசியில் ஒருமுறை அழைத்து, "ஒப்புதலை நிறுத்திவைக்கும்படி ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். "பார்த்தீர்களா?" என்று கேட்டால் "பார்க்கிறேன்" என்றுதான் வரும். முதல் கேள்வியை நான் அன்று கேட்டிருந்தால் உரிம எண்ணின் கதை ஒரு நிமிடத்தில் வெளிவந்திருக்கும்.

வாட்ஸ்அப்பின் நீலக் குறியை நம்புவது

படித்தார் என்பதற்கே அது அடையாளம். ஒப்புதல் அல்ல.

சொன்ன தேதியைத் தள்ளிப்போடுவது

20-ஆம் தேதி என்று எழுதினால் 20-ஆம் தேதி டை செய்யத் தொடங்குங்கள். அன்றே "தொடங்கிவிட்டோம்" என்று ஒரு வரியும் அனுப்புங்கள். 27-ஆம் தேதி இயந்திர நாளை விட்டுக்கொடுப்பதாக எழுதியிருந்தால் விட்டுக்கொடுங்கள். ஒருமுறை தள்ளிப்போட்டால், அடுத்த வேலையில் நீங்கள் குறிக்கும் தேதியை அந்த வாடிக்கையாளர் படிக்கவே மாட்டார்.