பென்டிரைவில் உள்ள வீடியோவுக்கு டி.வி.யில் பிரெஞ்சு சப்டைட்டில் வரவழைப்பது எப்படி?

மொரிஷியஸில் தமிழ் கேட்டுப் புரிந்துகொள்ளும் பெரியவர்களும் பிரெஞ்சில் படித்து வளர்ந்த பிள்ளைகளும் ஒரே டி.வி. முன்னால் உட்காரும் வீடுகள் பல உண்டு. இரு தரப்பாரும் சேர்ந்து ஒரு தமிழ் வீடியோவைப் பார்க்கச் சப்டைட்டில் வேண்டும். வீடியோவையும் சப்டைட்டில் கோப்பையும் பதிவிறக்கிப் பென்டிரைவில் போட்டாயிற்று. ஆனால் டி.வி.யில் படம் ஓடுகிறது, எழுத்து மட்டும் வரவில்லை. இல்லையென்றால் é, ç வர வேண்டிய இடத்தில் குப்பை எழுத்துகள் வருகின்றன. இரண்டையும் சரிசெய்யலாம். விண்டோஸ் கணினி ஒன்று இருந்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். காத்ர் போர்னில் நடந்த தைப்பூசக் காவடி பற்றிய தமிழ்ச் சொற்பொழிவு ஒன்றின் வீடியோவும், அதற்கு உறவினர் எழுதித் தந்த பிரெஞ்சு சப்டைட்டிலும் உங்களிடம் இருக்கின்றன.

```
Kavadi_2024_HD.mp4
kavadi-final-fr.srt
```

முதலில் பெயர்

பெரும்பாலான டி.வி.க்கள் சப்டைட்டிலைத் தேடும் முறை மிக எளிமையானது. ஓடுகிற வீடியோ இருக்கும் அதே ஃபோல்டரில், அதே பெயரில் ஒரு .srt கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் படத்தை மட்டும் ஓட்டும். மேலே உள்ள இரண்டு பெயர்களும் நம் கண்ணுக்கு ஒரே காவடிதான், டி.வி.க்கோ ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை.

பெயரை மாற்றுவதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசித் துண்டை, அதாவது .mp4, .srt என்பதை, வழக்கமாக மறைத்தே காட்டும். விண்டோஸ் 11-இல் ஃபோல்டரைத் திறந்து, மேலே `View`, அதில் `Show`, அதில் `File name extensions` என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இல் `View` பட்டையிலேயே அந்தப் பெட்டி இருக்கும். இப்போது முழுப் பெயர் தெரியும். இதைச் செய்யாமல் பெயர் மாற்றுகிறவர்களிடம் `Kavadi_2024_HD.srt.txt` அல்லது `Kavadi_2024_HD.mp4.srt` போன்ற கோப்புகள் உருவாகிவிடுகின்றன. திரையில் சரியாகத் தெரிவதால் அவர்களுக்குக் காரணமே புலப்படுவதில்லை.

வீடியோவின் பெயரைத் தொடாதீர்கள். அதன் மேல் வலது பக்கச் சொடுக்கு செய்து `Rename` கொடுத்து, புள்ளிக்கு முன் இருக்கும் பகுதியை மட்டும் நகலெடுத்து, சப்டைட்டிலின் பெயரில் ஒட்டுங்கள். கையால் தட்டச்சு செய்தால் ஓர் அடிக்கோடு தவறினாலும் வேலை கெடும். முடிவில் இப்படி இருக்க வேண்டும்:

```
Kavadi_2024_HD.mp4
Kavadi_2024_HD.srt
```

`Kavadi_2024_HD.fr.srt` என்று மொழிக் குறியுடன் பெயர் வைப்பது கணினியில் விஎல்சி போன்ற மென்பொருள்களில் நன்றாக வேலை செய்யும். எல்லா டி.வி.க்களும் அதை ஏற்பதில்லை. டி.வி.க்கென்றால் அந்தக் குறியை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து எழுத்து

சப்டைட்டில் கோப்பின் மேல் வலது பக்கச் சொடுக்கு செய்து `Open with` வழியாக நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான்: வரிசை எண், தொடங்கும் நேரம், முடியும் நேரம், வசனம், பிறகு ஒரு வெற்று வரி.

```
1
00:00:12,400 --> 00:00:15,900
La fête a commencé.
```

இந்த é-யைக் கோப்பில் சேமிக்க இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. பழைய விண்டோஸ் முறையில் அது ஒரு பைட், யூடிஎஃப்-8 முறையில் இரண்டு பைட். கோப்பு ஒரு முறையில் இருந்து டி.வி. மற்றொரு முறையில் வாசித்தால்தான் எழுத்து சிதைகிறது. எந்தப் பக்கம் கோளாறு என்பதை டி.வி. திரையே காட்டிக்கொடுக்கும். `commencÃ©` என்று இரட்டை எழுத்து வந்தால், கோப்பு யூடிஎஃப்-8, டி.வி. அதைப் பழைய முறையில் வாசிக்கிறது. `commenc�` என்று கறுப்புக் குறி வந்தால் நேர்மாறு: கோப்பு பழைய முறை, டி.வி. யூடிஎஃப்-8-ஐ எதிர்பார்க்கிறது.

நோட்பேடில் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதென்றால், `File`, `Save as` சென்று, கீழே `Encoding` என்ற இடத்தில் மாற்றிச் சேமிக்கலாம். கறுப்புக் குறி வந்தவர்கள் `UTF-8` தேர்ந்தெடுங்கள். இரட்டை எழுத்து வந்தவர்கள் முதலில் `UTF-8 with BOM` முயன்று பாருங்கள். கோப்பின் தொடக்கத்தில் சேரும் அந்தச் சிறு அடையாளத்தைப் பார்த்த பிறகே சில டி.வி.க்கள் யூடிஎஃப்-8 என்று உணர்கின்றன. அதுவும் பயன்படாவிட்டால், பழைய விண்டோஸ் முறையான `ANSI`. பிரெஞ்சுக்கு அது போதும். ஆனால் தமிழ் எழுத்து உள்ள கோப்பை ஒருபோதும் `ANSI` ஆகச் சேமிக்காதீர்கள். ஒவ்வோர் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும், பிறகு மீட்க முடியாது. எதற்கும் மூலக் கோப்பின் நகல் ஒன்றைக் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ச் சப்டைட்டிலே வேண்டும் என்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரை முழுதும் `à®` என்ற எழுத்துகள் திரும்பத் திரும்ப வந்தால் மேலே சொன்ன கோளாறுதான், சரிசெய்யலாம். வெறும் கட்டங்கள் வந்தால் அந்த டி.வி.யில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். கோப்பை எப்படி மாற்றினாலும் பலன் இராது. மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் டி.வி.யோடு இணைத்து விஎல்சியில் ஓட்டுவதுதான் அங்கே வழி.

பென்டிரைவும் டி.வி.யும்

இரண்டு கோப்புகளையும் பென்டிரைவில் ஒரே ஃபோல்டரில் நகலெடுங்கள். 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவை விண்டோஸ் ஏற்க மறுத்தால், பென்டிரைவ் `FAT32` முறையில் இருக்கிறது. அந்த முறையில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. `exFAT` ஆக ஃபார்மட் செய்தால் இடம் கிடைக்கும். அதற்கு முன் அதிலிருக்கும் படங்களையெல்லாம் வேறிடத்தில் வைத்துவிடுங்கள், ஃபார்மட் அனைத்தையும் அழித்துவிடும். உங்கள் டி.வி. `exFAT`-ஐப் படிக்குமா என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்வதும் அவசியம். பழைய டி.வி.க்கள் சில படிப்பதில்லை.

`Eject` கொடுத்த பிறகே பென்டிரைவைப் பிடுங்குங்கள். டி.வி.யில் செருகி, `Source` பொத்தானில் யூஎஸ்பியைத் தேர்ந்து வீடியோவை ஓட்டுங்கள். எழுத்து தானாக வராவிட்டால், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் சப்டைட்டில் பொத்தானை அழுத்துங்கள், அல்லது அமைப்புப் பட்டியலைத் திறந்து `Subtitle` என்பதை `On` ஆக்குங்கள்.

வசனம் முந்தியோ பிந்தியோ வந்தால்

தொடக்கத்தில் இரண்டு நொடி தள்ளி வந்து, கடைசி வரை அதே இரண்டு நொடிதான் என்றால் சுலபம். பல டி.வி.க்களின் சப்டைட்டில் பட்டியலிலேயே நேரத்தை நகர்த்த வழி உண்டு. கணினியில் விஎல்சியில் பார்ப்பவர்கள் `H` அழுத்தினால் எழுத்து தாமதமாகும், `G` அழுத்தினால் முந்தும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப் போக விலகல் பெருகினால் சப்டைட்டில் வேறொரு பதிப்புக்கு எழுதப்பட்டது. நொடிக்கு 25 படச்சட்டங்கள் ஓடும் பதிப்புக்கு எழுதியதை 23.976 சட்டங்கள் ஓடும் வீடியோவோடு சேர்த்தால், நூறு நிமிடப் படத்தின் இறுதியில் ஏறத்தாழ நான்கு நிமிட இடைவெளி விழும். நேரத்தை முன்பின் நகர்த்துவதால் இது தீராது. உங்கள் வீடியோவின் பதிப்புக்கென்று எழுதப்பட்ட .srt கோப்பைத் தேடி எடுத்து, மேலே சொன்னபடி பெயரை மாற்றி வையுங்கள்.