குதிரைக்குத் தசை இறுகினால்: இரண்டு ரத்த எண்களைப் படித்து மறுபடி வண்டியில் பூட்டுவது எப்படி

ஆடி மாதம் முகூர்த்தம் இல்லை. ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கல்யாண சாரட் இழுக்கும் குதிரைகள் லாயத்திலேயே நிற்கும். கொள்ளும் தவிடும் மட்டும் வழக்கம்போல விழும். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பூட்டி இருபது நிமிடம் ஓட்டினால் சில குதிரைகள் அப்படியே நின்றுவிடும். வேர்த்துக் கொட்டும், பின்தொடையும் இடுப்பும் கல்லாக இறுகும், ஒரு அடிகூட வைக்காது. இதைத்தான் டாக்டர்கள் ‘டையிங் அப்’ என்கிறார்கள். தசை நார்கள் உடைந்துபோயிருக்கின்றன என்று அர்த்தம். பலர் வயிற்றுவலி என்று நினைத்து நடக்க வைக்கிறார்கள். வயிற்றுவலியில் குதிரை பெரும்பாலும் வயிற்றைத் திரும்பிப் பார்க்கும், உருளப் பார்க்கும். இதில் அசையவே மறுக்கும். சந்தேகமிருந்தால் நடத்தாதீர்கள்.

முதல் சில மணி நேரம்

நின்ற இடத்திலேயே வண்டியை அவிழ்த்துவிடுங்கள். நிழல், குடிக்கத் தண்ணீர், உடம்பில் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிப்பது, உடனே டாக்டருக்குப் போன். லாயத்துக்கு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சிறுநீரைக் கட்டாயம் பாருங்கள். காபி நிறத்தில் வந்தால் உடைந்த தசையின் நிறமி சிறுநீரகம் வழியாகப் போகிறது. அதற்கு நரம்பு வழி திரவம் அவசரம். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது கையிலிருக்கும் வலி ஊசியை நீங்களாகப் போட்டால், அடிபட்ட சிறுநீரகம் இன்னும் கெடும்.

ரத்தப் பரிசோதனை

கேட்க வேண்டியவை இரண்டு: சிகே, ஏஎஸ்டி. இரண்டும் தசைக்குள் இருக்கும் என்சைம்கள். தசை உடைந்தால் ரத்தத்தில் கசியும். ஆனால் இரண்டின் வேகமும் வேறு. சிகே நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, சேதம் நின்றதும் சீக்கிரம் இறங்கும். ஏஎஸ்டி உச்சத்துக்கு ஏறவே ஒரு நாள் ஆகும், இறங்க வாரக்கணக்கில் ஆகும். ஆகவே சிகே இன்றைய சேதத்தைச் சொல்லும், ஏஎஸ்டி கடந்த சில வாரங்களைச் சொல்லும்.

ஒரு எடுத்துக்காட்டு: 350 கிலோ குதிரை. ஆறாவது மணியில் சிகே 48,000, ஏஎஸ்டி 900. மறுநாள் சிகே 22,000, ஏஎஸ்டி 2,400. ஏஎஸ்டி ஏறிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், அது பழைய அடியின் நிழல்தான். சிகே ஒரு நாளில் பாதிக்குக் கீழே வந்திருப்பதுதான் நல்ல செய்தி. ஏழாம் நாள் சிகே 450, ஏஎஸ்டி 1,500 என்றால் புதிதாக எதுவும் உடையவில்லை. சிகே இறங்காமல் ஆயிரங்களிலேயே நின்றால் தசை இன்னும் உடைகிறது. யாராவது குதிரையை வேலைக்கு எடுத்தார்களா என்று விசாரியுங்கள்.

சாதாரண சிகே பெரும்பாலான லேபில் லிட்டருக்குச் சில நூறு யூனிட்; உங்கள் ரிப்போர்ட்டில் அச்சிட்ட வரம்பையே பாருங்கள். எல்லா முறையும் ஒரே லேபில் கொடுப்பது நல்லது. வெயிலில் பைக்கில் குலுங்கிப் போன ரத்தம் சிதைந்தால் எண்கள் பொய்யாக ஏறும், ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.

தீவனம்

அன்றே கொள்ளு, கடலை, பார்லி, வெல்லம், மீந்த சோறு எல்லாம் நிறுத்தம். மாவுச்சத்துதான் இங்கே எதிரி. முதல் இரண்டு நாள் காய்ந்த புல்லும் தண்ணீரும் போதும். நம் பக்கத்தில் கிடைக்கும் பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதை மறக்காதீர்கள். 350 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 கிலோ காய்ந்த புல்லோடு 10 கிலோ பச்சைப் புல் சரியாக வரும். வைக்கோலால் வயிறு நிரப்பினால் சத்து வராது, குடலும் அடைத்துக்கொள்ளும்.

வேலைக்குத் திரும்பும்போது தேவைப்படும் சக்தியைத் தவிட்டெண்ணெயில் கொடுங்கள். 50 மி.லி.யில் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் 200 மி.லி.க்குக் கொண்டு வாருங்கள். அவசரப்பட்டால் சாணம் இளகும். எண்ணெய் சேர்க்கும்போது வைட்டமின் ஈ தினமும் 1,000 யூனிட், டாக்டரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். நம் ஊர் வியர்வைக்கு 30 கிராம் சாதா உப்பு அவசியம், பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும்.

நடை

முதல் இரண்டு நாள் லாயத்தில் ஓய்வு. விறைப்பு விட்டதும் காலை, மாலை கையில் பிடித்துப் பத்து நிமிட நடை. அதற்குமேல் நீட்டிக் களைப்பூட்டாதீர்கள். சிகே வரம்புக்குள் வந்த பிறகு வாரத்துக்கு ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டி, கடைசியில்தான் காலி வண்டி.

பூட்டும் முன் ஒரு சோதனை. ரத்தம் எடுத்துவிட்டு, 15 நிமிடம் மெதுவாகத் துள்ளுநடை ஓட்டி, நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். சிகே 300 இருந்து 500 ஆனால் பரவாயில்லை. மூன்று மடங்குக்கு மேல் ஏறினால், குதிரை நொண்டாவிட்டாலும் தசை தாங்கவில்லை. ஒரு வாரம் பின்னோக்கிப் போய் நடையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு முறை அப்படி ஆனால் தசையிலேயே பிறவிக்கோளாறு இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் காட்டி, தசைத் துண்டுப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

தேறிய குதிரையை முகூர்த்தம் இல்லாத மாதத்திலும் தினமும் அரை மணியாவது நடத்த வேண்டும். மழையோ கடையடைப்போ என்று நடத்த முடியாத நாளில், தானியம் மறுபடி கொடுக்க ஆரம்பித்திருந்தால் முந்தைய மாலையே அதைப் பாதியாகக் குறைத்து, புல்லை மட்டும் வழக்கம்போல விடுங்கள்.