ஆய்வுச் சுருக்கம்: முடிவு வாக்கியத்தை முதலில் எழுதுங்கள்

ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தில் பலரும் முன்னுரைக்கே பாதி இடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். "தாமிரபரணி ஒரு வற்றாத ஜீவநதி" என்று தொடங்கி மூன்று வாக்கியம் போகும். முடிவைச் சொல்ல வரும்போது சொல் வரம்பு தீர்ந்திருக்கும். அதனால் முடிவு வாக்கியத்தை முதலில் எழுதி, மற்றதை அதற்கேற்ப அமையுங்கள்.

பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை ஆற்றுநீரில் கரைந்த ஆக்சிஜனை அளந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "நீரின் தரம் ஆராயப்பட்டது, முடிவுகள் விவாதிக்கப்பட்டன" என்பது முடிவே அல்ல. "கரைந்த ஆக்சிஜன் பாபநாசத்தில் லிட்டருக்கு 7.2 மி.கி.; நெல்லை நகரைக் கடந்ததும் 4.1 மி.கி." என்று எழுதுங்கள். எண்கள் மாதிரிக்குத்தான். எது, எங்கே, எவ்வளவு குறைந்தது என்பது அதிலேயே இருக்கிறது.

நோக்க வாக்கியம், அந்த முடிவு எந்தக் கேள்விக்குப் பதிலோ அதை மட்டும் சொல்லட்டும்: நகருக்கு மேலும் கீழும் ஆக்சிஜன் எவ்வளவு வேறுபடுகிறது? முறை வாக்கியத்தில் எத்தனை இடம், எந்த மாதம், எந்தச் சோதனை (இங்கே விங்க்ளர் முறை) மூன்றும் வேண்டும். மாதத்தை விடவே கூடாது. மே மாதச் சூட்டில் நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஐப்பசி மழைநீரோடு அதை ஒப்பிட முடியாது.

கடைசி வாக்கியம் தரவைத் தாண்டக் கூடாது. ஆக்சிஜனை மட்டும் அளந்துவிட்டு "கழிவுநீரே காரணம்" என்று முடித்தால் மதிப்பீட்டாளர் அங்கேயே பிடித்துக்கொள்வார். அனுப்புமுன் சுருக்கத்தின் எண்களை அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். திருத்தத்தில் அட்டவணை மாறியிருக்கும், சுருக்கத்தில் பழைய எண்ணே நிற்கும்.