விலையைச் சொல்லும் முன் நான்கு வகைக் கேள்விகள்: காசிமேட்டு மீன் பெட்டிக் கணக்கு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் எடுத்து, ஓட்டல்களுக்கு மீன் போடும் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கொட்டி அனுப்புகிறார். நீங்கள் விற்பது சுவருக்குள் ஃபோம் அடைத்த கனமான பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி. ஒன்று 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தெர்மாகோல் 300 ரூபாய். நேராகப் போய் விலை சொன்னால், "வேணாம்பா, இதுவே போதும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இந்த இடத்துக்குத்தான் ஸ்பின் முறை. நீல் ராக்கம் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 35,000 விற்பனைச் சந்திப்புகளைக் கவனித்து வகுத்தது இது. நிலவரம், சிக்கல், விளைவு, பலன் என்று நான்கு வகைக் கேள்விகள். இதில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் நான் போட்ட உதாரணம்தான். உங்கள் சரக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: போவதற்கு முன் ஒரு தாள்

உங்கள் பெட்டி எந்தெந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று எழுதுங்கள். ஐஸ் சீக்கிரம் கரைவது, பெட்டி உடைவது, மூடி சரியாக உட்காராதது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இதனால் அவருக்கு வேறு எங்கெல்லாம் அடி விழும்?" என்று யோசித்து எழுதுங்கள். ஐஸ் கரைந்தால் மீனின் வயிறு தளரும், ஓட்டல்காரர் திருப்பி அனுப்புவார், அன்றைக்கு அவர் வேறு ஆளிடம் வாங்குவார். விளைவுக் கேள்விகள் பேசும்போது திடீரென்று வாயில் வராது. இந்தத் தாளிலிருந்துதான் வரும்.

படி 2: நிலவரம், சுருக்கமாக

"ஒரு நாளைக்கு எத்தனை கிலோ போகுதுக்கா? எத்தனை ஓட்டல்? கடைசி ஓட்டலுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" அவ்வளவு போதும். புதிதாக வருகிறவர்கள் பயத்தில் இந்த வகையையே பத்து, பன்னிரண்டு என்று கேட்டுக்கொண்டே போவார்கள். அதில் பயன் உங்களுக்கு மட்டும்தான், கேட்கப்படுகிறவருக்கு அலுப்பு. துறைமுகத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தாலே தெரியக்கூடியதைக் கேட்காதீர்கள்.

அக்கா சொல்கிறார்: நாளைக்கு 60 கிலோ, மூன்று ஓட்டல், மூன்று பெட்டி. கடைசிப் பெட்டி அண்ணா நகர் போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிடும்.

படி 3: சிக்கலை அவர் வாயால் சொல்ல வைப்பது

"பத்து மணிக்குத் திறக்கும்போது அந்தக் கடைசிப் பெட்டியில ஐஸ் எப்படிக்கா இருக்கும்?"

"அத்த ஏன் கேக்கற தம்பி. பாதி தண்ணியாத்தான் நிக்கும். வழியில வேற ஐஸ் வாங்கிப் போடணும்."

இங்கேதான் கை பரபரக்கும். உடனே பெட்டியைக் காட்டிவிடத் தோன்றும். காட்டாதீர்கள். அவர் சொன்னது ஒரு குறை, அவ்வளவுதான். அந்தக் குறைக்கு அவர் மனசில் இப்போது இருக்கும் விலை, வழியில் வாங்கும் ஐஸின் விலை மட்டுமே. அதற்கு எதிரே 9,000 ரூபாயை வைத்தால் நீங்கள்தான் தோற்பீர்கள்.

படி 4: விளைவு (இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்)

ஒரு விளைவைக் கேளுங்கள். வரும் பதிலைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேளுங்கள்.

"ஐஸ் கரைஞ்ச நாள்ல ஓட்டல்ல மீனை அப்படியே எடுத்துக்கறாங்களா?"

"வாரத்துக்கு ரெண்டு வாட்டி நாலு நாலு கிலோ திருப்பிடுவான்."

"திரும்பி வந்த வஞ்சிரத்தை என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது, வந்த வெலைக்குத் தள்ள வேண்டியதுதான். 700க்கு எடுத்தது 400க்குப் போவும்."

இப்போது ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளுங்கள். கணக்கை அவரே போடட்டும். வாரத்துக்கு 8 கிலோ, கிலோவுக்கு 300 நஷ்டம், 2,400 ரூபாய். நான்கு வாரத்துக்கு 9,600. வழியில் வாங்கும் ஐஸ் நாளைக்கு 100 வீதம் 25 நாளைக்கு 2,500. மாதா மாதம் மாற்றும் மூன்று தெர்மாகோல் பெட்டிக்கு 900. மொத்தம் 13,000. இதையே நீங்கள் சொல்லியிருந்தால், "அவ்ளோல்லாம் ஆவாதுப்பா" என்றிருப்பார். அவர் போட்ட கணக்கை அவரே மறுக்க மாட்டார்.

பிறகு, ரூபாயில் எழுத முடியாத ஒன்றைக் கேளுங்கள்: "மீனைத் திருப்பின அன்னிக்கு அந்த ஓட்டல்காரர் மதியச் சமையலுக்கு என்ன பண்ணுவாரு?" பதில் சட்டென்று வராது. வேறு ஆளிடம் வாங்குவார் என்பது அவருக்கும் தெரியும், இதுவரை சேர்த்து யோசித்திருக்க மாட்டார். அந்த மௌனத்தை நீங்கள் பேசி நிரப்பாதீர்கள்.

இந்தப் படியில் இரண்டு விதத்தில் கெடும். ஒன்று, உங்கள் பெட்டியால் தீர்க்க முடியாத விளைவைக் கிளறுவது. ஏல விலை ஏறியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் புலம்பல் மட்டுமே மிஞ்சும். மற்றொன்று, பயமுறுத்துவது. "இப்படியே போனா கஸ்டமர் எல்லாம் போயிடுவாங்கக்கா" என்பது கேள்வியே இல்லை. அவர் பதில் சுருங்கி, கண் வேறு பக்கம் போனால் அழுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

படி 5: பலன்

விளைவிலேயே விட்டுவிட்டால் கசப்புதான் மிஞ்சும், பேச்சைத் திருப்புங்கள். "பத்து மணிக்கும் ஐஸ் நின்னா உங்களுக்கு எதுல உதவும்?" அக்கா யோசித்து, "கொளத்தூர்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு, தூரம்னு விட்டு வெச்சிருக்கேன்" என்கிறார். உங்கள் தாளில் இல்லாத பலன் இது. அந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று இப்போது அவரே சொல்லிவிட்டார், இனி பெட்டியைக் காட்டலாம். இந்தக் கேள்வியைப் படி 3 முடிந்ததுமே கேட்டிருந்தால், "சரிதாம்பா, எவ்ளோ?" என்று நேரே விலைக்கு வந்திருப்பார்.

படி 6: கழித்துச் சொல்லுங்கள்

13,000 முழுவதும் மிச்சம் என்று சொல்லாதீர்கள். ஏலத்திலேயே தளர்ந்து வந்த மீனை எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. திருப்புவதும் வழி ஐஸும் பாதியாகும் என்று வைத்தால் 4,800, 1,250, தெர்மாகோல் 900, ஆக மாதத்துக்கு ஏறக்குறைய 7,000. மூன்று பெட்டிக்கு 27,000, நான்கு மாதத்தில் வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளில் அவர் வியாபாரம் எவ்வளவு குறையும் என்று கேட்டு, அதையும் கணக்கில் வையுங்கள். பெட்டி கனம், காலியாகத் திரும்பும்போதும் வண்டியில் இடம் அடைக்கும். அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

300 ரூபாய்ச் சரக்குக்கு இத்தனை கேள்வி தேவையில்லை, குறை ஒன்று தெரிந்ததுமே வாங்கிவிடுவார்கள். "ஐஸெல்லாம் நல்லாத்தான் நிக்குது" என்று மூன்று விதமாகக் கேட்டும் சொல்கிறவரிடம் விளைவைத் தோண்டாதீர்கள். அவருடைய ஓட்டல்கள் ராயபுரத்துக்குள்ளேயே இருக்கலாம். அவருக்குத் தெர்மாகோலே சரி.

அக்காவிடம் மூன்று பெட்டிக்கு ஆர்டர் கேட்க வேண்டாம். அண்ணா நகர் ஓட்டலுக்கு மட்டும் ஒரு பெட்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து மணிக்கு ஐஸ் எவ்வளவு நின்றது, எத்தனை கிலோ திரும்பியது என்று அவரையே அந்தத் துண்டுச் சீட்டின் பின்பக்கம் குறிக்கச் சொல்லி, அடுத்து வரும் நாளை அங்கேயே பேசி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.